ரேபினின் நான்கு வர்க்கமூலங்கள்: “காரணிப்படுத்தல் கடினம் என்றால் இது பாதுகாப்பானது”

மறையாக்கம் பற்றி எதைப் படித்தாலும் இந்த வரி எங்காவது தட்டுப்படும்: “காரணிப்படுத்துவது கடினம் என்று கொண்டால், இந்தத் திட்டம் பாதுகாப்பானது.” பெரும்பாலானவர்கள் இதை இப்படிப் புரிந்துகொள்கிறார்கள்: உள்ளே இரண்டு பெரிய பகாஎண்களைப் பெருக்கி N என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள், N-ஐ யாராலும் பிரிக்க முடியாது, ஆகவே கவலையில்லை. இந்தப் புரிதலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. N-ஐப் பிரித்தவன் திட்டத்தை உடைத்துவிடுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். ரகசியச் சாவியே அந்தப் பகாஎண்கள்தானே. ஆனால் N-ஐப் பிரிக்காமலேயே வேறு வழியில் உடைக்க முடியாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? முன்கதவு பலமாக இருப்பது பின்கதவு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

அந்த வரி உண்மையில் சொல்ல வருவது எதிர்த் திசையில் இருக்கிறது. “இந்தத் திட்டத்தை யாராவது உடைத்தால், எந்த வழியில் உடைத்தாலும் சரி, அவருடைய நிரலை அப்படியே எடுத்து நான் N-ஐக் காரணிப்படுத்திக் காட்டுகிறேன்.” எதிராளியின் நிரலை வாங்கிக் காரணிப்படுத்தும் நிரலாக மாற்றித் தருகிற அந்தச் செய்முறைக்குத்தான் ரிடக்‌ஷன் என்று பெயர். அது உண்மையிலேயே ஒரு நிரல். எழுதலாம், ஓட்டலாம், எத்தனை முறை தோற்கும் என்று கணக்குப் போடலாம். அப்படி ஒன்று கையில் இல்லாமல் இந்த வரியை எழுதுவது வெறும் நம்பிக்கை.

இதைப் பார்க்க ரேபினின் திட்டத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மைக்கேல் ரேபின் 1979 ஜனவரியில் எம்.ஐ.டி.யின் தொழில்நுட்ப அறிக்கையாக இதை வெளியிட்டார். முந்தைய ஆண்டுதான் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரின் ஆர்.எஸ்.ஏ. என்ற மறையாக்கத் திட்டத்தின் கட்டுரை அச்சில் வந்திருந்தது. ரேபினின் சிறப்பு, அவருடைய திட்டத்தை உடைப்பதும் காரணிப்படுத்துவதும் ஒரே அளவு கடினம் என்று நிறுவியது. பொதுச் சாவித் திட்டங்களில் அப்படி ஒரு நிறுவலோடு வந்த முதல் திட்டம் அது. நிறுவலோ பத்து வரிக்குள் முடிந்துவிடும்.

திட்டம் இதுதான். p, q என்று இரண்டு பகாஎண்களை ரகசியமாக எடுத்து N = pq என்பதை மட்டும் வெளியிடுகிறீர்கள். உங்களுக்குச் செய்தி அனுப்ப விரும்புபவர் செய்தியை m என்ற எண்ணாக எழுதி, அதை வர்க்கப்படுத்தி, N-ஆல் வகுத்து வரும் மீதியை அனுப்புகிறார். அவ்வளவுதான். நீங்கள் அந்த மீதியிலிருந்து வர்க்கமூலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். p, q தெரிந்தால் அது சுலபம்.

சின்ன எண்களில் செய்து பார்ப்போம். N = 2773 என்று வைத்துக்கொள்வோம். ஆர்.எஸ்.ஏ. கட்டுரையிலேயே உதாரணமாக வந்த எண் இது, 47 × 59. செய்தி 1234 என்றால், அதன் வர்க்கம் 15,22,756. அதை 2773-ஆல் வகுத்தால் மீதி 379. அனுப்பப்படும் மறைகுறி 379.

பெறுபவர் என்ன செய்கிறார்? 379-ஐ 47-ஆல் வகுத்தால் மீதி 3. 59-ஆல் வகுத்தால் மீதி 25. இப்போது கேள்வி இரண்டு சிறிய கேள்விகளாகப் பிரிந்துவிட்டது. 47-ஆல் வகுக்கும் உலகில் எந்த எண்ணின் வர்க்கம் 3? விடை 12, அல்லது −12, அதாவது 35. (12 × 12 = 144 = 3 × 47 + 3.) 59-ஆல் வகுக்கும் உலகில் எதன் வர்க்கம் 25? 5 அல்லது −5, அதாவது 54. முதல் கேள்விக்கு இரண்டு விடை, இரண்டாவதற்கு இரண்டு விடை. சேர்த்தால் நான்கு சோடிகள், ஆகவே 2773-க்குள் நான்கு வர்க்கமூலங்கள்: 1116, 1234, 1539, 1657. நான்கின் வர்க்கத்தையும் 2773-ஆல் வகுத்தால் 379-தான் மீதி வரும்.

நான்கில் எது அனுப்பியவர் நினைத்த செய்தி? பெறுபவருக்குத் தெரியாது. திட்டத்தின் எரிச்சலூட்டும் குறை இது. ஆனால் ரேபினின் நிறுவல் முழுவதும் இந்தக் குறையின் மேல்தான் நிற்கிறது.

சரி, இப்போது p, q எதுவும் தெரியாத ஒருவர் இந்தத் திட்டத்தை உடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் A என்று ஒரு நிரல் இருக்கிறது. N-ஐயும் ஒரு வர்க்க மீதியையும் கொடுத்தால் நான்கு மூலங்களில் ஏதோ ஒன்றைத் துப்பும். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று நமக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஒருவேளை காரணிப்படுத்தலுக்குச் சம்பந்தமே இல்லாத புதிய கணிதம் ஏதாவது இருக்கலாம்.

நான் N-ஐக் காரணிப்படுத்த வேண்டும். 1234 என்ற எண்ணை நானே ரேண்டமாக எடுத்து, வர்க்கப்படுத்தி, 379-ஐ மட்டும் A-யிடம் கொடுக்கிறேன். A 1657 என்று பதில் தருகிறது என்று கொள்வோம். இப்போது என்னிடம் ஒரே எண்ணின் இரண்டு வேறு வர்க்கமூலங்கள் இருக்கின்றன. 1657-லிருந்து 1234-ஐக் கழித்தால் 423. 2773-க்கும் 423-க்கும் மீப்பெரு பொது வகுத்தி பார்க்கிறேன். பள்ளியில் படித்த யூக்ளிட் முறைதான்:

```
2773 = 6 × 423 + 235
 423 = 1 × 235 + 188
 235 = 1 × 188 +  47
 188 = 4 ×  47 +   0
```

47 வந்துவிட்டது. 2773-ஐ 47-ஆல் வகுத்தால் 59. முடிந்தது.

ஏன் இப்படி நடக்கிறது என்பது மேலே பார்த்த சோடிகளில் தெரியும். 1234-ஐ 47-ஆல் வகுத்தால் மீதி 12, 59-ஆல் வகுத்தால் 54. 1657-க்கு அவை 12, 5. முதல் உலகில் இரண்டும் ஒன்றே, இரண்டாவதில் வேறு. ஆகவே இரண்டின் வித்தியாசம் 47-ஆல் வகுபடும், 59-ஆல் வகுபடாது. மீப்பெரு பொது வகுத்தி 47-ஐப் பிடித்துக் கொடுத்துவிடுகிறது.

A 1116 என்று சொல்லியிருந்தாலும் எனக்கு வெற்றிதான்: 1234 − 1116 = 118, அதாவது 2 × 59. ஆனால் 1234 என்றே திருப்பிச் சொன்னால் ஒன்றும் கிடைக்காது. 1539 என்றாலும் கிடைக்காது, அது 2773 − 1234 தான், அதாவது −1234. நான்கில் இரண்டு பதில்கள் எனக்குப் பயன்படும், இரண்டு பயன்படாது.

A வேண்டுமென்றே எனக்குப் பயன்படாத பதிலாகவே பார்த்துத் தந்தால்? முடியாது. நான் கொடுத்தது 379 மட்டும். நான்கு மூலங்களில் எதை வைத்துக்கொண்டு அங்கே வந்தேன் என்பது 379-க்குள் இல்லை. A-யின் பார்வையில் நான்கும் சமம். A எவ்வளவு தந்திரமானதாக இருந்தாலும் ஒவ்வொரு பதிலிலும் எனக்கு வெற்றி வாய்ப்பு சரிபாதி. ரிடக்‌ஷன் நிறுவல்களின் உயிர் இந்த மாதிரி இடங்களில்தான் இருக்கும்: எதிராளியின் கண்ணில் படாத ஏதோ ஒன்றை நாம் கையில் வைத்திருக்க வேண்டும்.

நிரலாக எழுதினால் இவ்வளவுதான்:

```python
from math import gcd
from secrets import randbelow

def factor(N, A):
    while True:
        r = 1 + randbelow(N - 1)
        s = A(r * r % N, N)
        if s is None:
            continue
        g = gcd(r - s, N)
        if 1 < g < N:
            return g, N // g
```

`None` பார்க்கும் வரி, A சில சமயம் தோற்றுவிடலாம் என்பதற்காக. இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் “பாதுகாப்பானது” என்ற சொல்லுக்கு அளவு வருவது இங்கேதான். A ஆயிரத்தில் ஒரு முறைதான் சரியான மூலத்தைத் தரும் என்று வைத்துக்கொள்வோம். சரியாகத் தரும்போது பாதி வாய்ப்பு எனக்கு. ஆகவே சராசரியாக 2000 முறை A-யைக் கூப்பிட்டால் N பிரிந்துவிடும். A ஒரு முறை ஓட ஒரு மணி நேரம் ஆகும் என்றால், 2000 மணி நேரத்தில் காரணிப்படுத்தல் முடியும்.

இதைத் திருப்பிப் போட்டுப் படிக்க வேண்டும். நான் பயன்படுத்தும் அளவு N-ஐப் பிரிக்கச் சராசரியாக 2000 மணி நேரத்துக்குக் குறைவாக எந்த முறையும் இல்லை என்று நம்பினால், ஆயிரத்தில் ஒரு முறை ஒரு மணிக்குள் உடைக்கும் நிரலும் இருக்க முடியாது. அசல் எண்களில் இந்தக் கீழ்வரம்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் அளவுகோல்: 250 இலக்கங்கள், 829 பிட் கொண்ட ஆர்.எஸ்.ஏ.-250 என்ற சவால் எண்ணை 2020 பிப்ரவரியில் ஓர் ஆய்வுக் குழு பிரித்தது. அதற்குச் சுமார் 2700 கோர்-ஆண்டுகள், அதாவது ஒரே ஒரு செயலிக் கோர் 2700 ஆண்டுகள் ஓடும் அளவு, கணிப்பு நேரம் ஆயிற்று. இன்று பயன்பாட்டில் 2048 பிட்டும் அதற்கு மேலும் வைக்கிறார்கள். ரேபினில் இழப்பு சிறியது, வெறும் 2 என்ற பெருக்கம். இதை இறுக்கமான ரிடக்‌ஷன் என்பார்கள். எதிராளியைக் கோடிக்கணக்கான முறை கூப்பிட்டால்தான் ஒரு காரணி கிடைக்கும் என்கிற தளர்வான ரிடக்‌ஷன்களும் உண்டு. அங்கே அதே வாக்கியம் எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருக்கும், ஆனால் நீங்கள் வைத்திருக்கும் சாவி நீளத்துக்கு அது எந்த உத்தரவாதமும் தராமல் போகலாம்.

இந்த நிறுவலை ஆர்.எஸ்.ஏ.வுக்குச் செய்து பார்த்தால் எங்கே முட்டுகிறது என்பது சட்டென்று தெரியும். ஆர்.எஸ்.ஏ.வில் வர்க்கத்துக்குப் பதில் e என்ற அடுக்கு, உதாரணமாக 65537. அந்த அடுக்கை எடுக்கும் விதமே ஒவ்வொரு மறைகுறிக்கும் ஒரே ஒரு மூலம் இருக்கும்படி அமைகிறது. ஆகவே நான் ஒரு r எடுத்து, அதன் e-ஆவது அடுக்கை A-யிடம் கொடுத்தால், A சரியாக வேலை செய்தால் r-ஐத்தான் திருப்பித் தரும். வித்தியாசம் பூச்சியம். நான் கொடுத்ததையே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், புதிதாக ஒன்றும் தெரியவில்லை. ரகசிய அடுக்கான d-யையே ஒருவர் கண்டுபிடித்தால் N-ஐப் பிரித்துவிடலாம் என்பது நிறுவப்பட்டது. ஆனால் d தெரியாமலேயே செய்திகளை மட்டும் படிக்கும் ஒருவரை வைத்து N-ஐப் பிரிக்க இதுவரை யாருக்கும் வழி தெரியாது. டான் போனே, ராமரத்தினம் வெங்கடேசன் இருவரும் 1998-இல் வெளியிட்ட கட்டுரையோ, சிறிய அடுக்குகளுக்கு அப்படி ஒரு ரிடக்‌ஷன், குறைந்தபட்சம் இயற்கணித வகையில், இருக்க வாய்ப்பில்லை என்பதற்கான அறிகுறியைத் தருகிறது. ஆகவே “ஆர்.எஸ்.ஏ. காரணிப்படுத்தலின் மேல் நிற்கிறது” என்று சொல்வது பேச்சு வழக்குக்குச் சரி. ஆவணத்தில் எழுதினால் அங்கே இருக்க வேண்டிய எடுகோள் “ஆர்.எஸ்.ஏ. கடினம்” என்பதுதான், அது வேறு, கூடுதல் எடுகோள்.

இதுவரை பார்த்தால் ரேபின் ஜெயித்துவிட்டார், எல்லோரும் ஏன் அதையே பயன்படுத்தவில்லை என்று தோன்றும். இனிதான் கதை சுவையாகிறது.

மேலே உள்ள நிரலில் A யார்? எதிராளி என்று சொன்னோம். ஆனால் நிரலுக்கு அது தெரியாது. வர்க்கமூலம் எடுத்துத் தரக்கூடிய யாராக இருந்தாலும் அதற்குச் சரிதான். அப்படி வர்க்கமூலம் எடுக்கத் தெரிந்த ஒருவர் ஏற்கெனவே உலகத்தில் இருக்கிறார்: ரகசியச் சாவி வைத்திருக்கும் நீங்கள்.

உங்கள் சர்வர் வரும் மறைகுறியை அவிழ்த்து, விடையை ஏதோ ஒரு வகையில் வெளியே தெரியவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி 1234-ஐ எடுத்து வர்க்கப்படுத்தி 379 என்று அனுப்புகிறார். சர்வர் வழக்கமான முறைப்படி 47-க்கு 12, 59-க்கு 5 என்று மூலங்களைக் கண்டு, சேர்த்து, 1657 என்று பதில் தருகிறது. எதிராளி கழிக்கிறார், மீப்பெரு பொது வகுத்தி பார்க்கிறார், 47. போனது ஒரு செய்தி மட்டுமில்லை, சாவியே போய்விட்டது. சராசரியாக இரண்டே கேள்விகளில்.

இது தாக்குதல். ஆனால் இதில் நான் ஒரு வரிகூடப் புதிதாக எழுதவில்லை. பாதுகாப்பை நிறுவிய அதே செய்முறை, A இருந்த இடத்தில் சர்வரை உட்கார வைத்தவுடன் தாக்குதலாகிவிட்டது. நிறுவல் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு நன்றாகத் தாக்குதலும் வேலை செய்யும். நிறுவல் பொய்யாகிவிடவும் இல்லை. அது சொன்னது “மறைகுறியை மட்டும் பார்க்கும் எதிராளி” பற்றி. கேள்வி கேட்டுப் பதில் வாங்கும் எதிராளி பற்றி அது எதுவும் சொல்லவில்லை, நாமாகத்தான் சேர்த்துப் படித்துக்கொண்டோம்.

உடனே தோன்றும் ஒட்டு வேலை ஒன்று உண்டு. செய்தியின் கடைசி 64 பிட்டை இரண்டு முறை எழுத வேண்டும் என்று ஒரு விதி வைக்கலாம். பெறுபவர் நான்கு மூலங்களில் அந்த அமைப்பு உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்வார், இல்லையென்றால் மறைகுறியை நிராகரிப்பார். இதனால் இரண்டு நன்மை: எது சரியான செய்தி என்ற குழப்பம் தீர்ந்தது, ரேண்டம் r-ஐ வர்க்கப்படுத்தி அனுப்புகிறவருக்குப் பதிலே கிடைக்காது, ஏனென்றால் அந்த நான்கு மூலங்களில் எதிலும் அமைப்பு இருக்காது.

ஆனால் நிறுவலுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். இப்போது A என்பது அமைப்பு உள்ள செய்திகளை மட்டும் அவிழ்க்கும் நிரல். நான் ரேண்டம் r கொடுத்தால், சர்வர் போலவே அதுவும் வாயைத் திறக்காது. சரி, அமைப்பு உள்ள r-ஐயே எடுத்துக் கொடுக்கிறேன் என்றால், நான்கில் அமைப்பு உள்ளது நான் கொடுத்த r மட்டும்தான், அதையே திருப்பித் தரும். வித்தியாசம் பூச்சியம், ஆர்.எஸ்.ஏ.வின் நிலைமைக்கே வந்துவிட்டோம். தாக்குதலை அடைத்த அதே செங்கல் நிறுவலையும் அடைத்துவிட்டது. திட்டம் நடைமுறையில் முன்பைவிடப் பாதுகாப்பாகத் தெரிகிறது, ஆனால் “காரணிப்படுத்தல் கடினம் என்றால்” என்ற வரியை இனி அதன் மேல் ஒட்ட முடியாது. இந்த விதியைச் சேர்த்துவிட்டுப் பழைய நிறுவலையும் மேற்கோள் காட்டும் ஆவணம் ஏதாவது கண்ணில் பட்டால் நான் அதற்கு மேல் படிப்பதில்லை.

நிறுவலில் r ரேண்டமாக இருந்தது என்பதும் இதே போல எளிதில் கண்ணில் படாத ஒரு நிபந்தனை. யாருக்கோ அனுப்பும் நான்கு இலக்க ஓ.டி.பி.யை ரேபினில் அப்படியே வர்க்கப்படுத்தி அனுப்பினால், பெரிய N-இல் வர்க்கம் N-ஐத் தாண்டக்கூட இல்லை. கால்குலேட்டரில் வர்க்கமூலப் பொத்தானை அழுத்தினால் ஓ.டி.பி. வந்துவிடும். N-ஐப் பிரிப்பது அப்போதும் கடினம்தான். நிறுவல் பேசியது முழு வீச்சிலும் ரேண்டமாக எடுத்த எண்ணை மீட்பது பற்றி. நாம் அனுப்பியதோ பத்தாயிரத்தில் ஒன்று.

மறையாக்கத்தில் இப்படி முட்டி நின்ற விஷயம் மின்னணுக் கையொப்பத்தில் எப்படித் தீர்ந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கையொப்பத்தில் இந்தச் சிக்கல் இன்னும் மோசம். செய்தி m-க்குக் கையொப்பம் என்றால் m-இன் வர்க்கமூலம். கேட்டவருக்கெல்லாம் கையொப்பம் போட்டுத் தருவது என்றால் கேட்டவருக்கெல்லாம் வர்க்கமூலம் எடுத்துத் தருவது, அதாவது சாவியைத் தூக்கிக் கொடுப்பது. 1980-களின் தொடக்கத்தில் இது ஒரு முரண்பாடாகவே பேசப்பட்டது: உடைத்தால் காரணி கிடைக்கும் என்று செய்முறையோடு நிறுவ முடிந்தால், அதே செய்முறையால் கையொப்பம் கேட்டுக் கேட்டே காரணி எடுத்துவிடலாமே, ஆகவே இரண்டும் சேர்ந்து இருக்கவே முடியாது என்று. கோல்ட்வாசர், மிக்காலி, ரிவெஸ்ட் மூவரும் 1984-இல் அது முரண்பாடு இல்லை என்று ஒரு திட்டத்தையே கட்டிக் காட்டினார்கள். அவர்கள் திட்டம் கொஞ்சம் சிக்கலானது. அதே பூட்டை, எந்தச் செய்தியையும் கலைத்துக் குறிப்பிட்ட நீளமுள்ள எண்ணாக்கும் ஹேஷ் சார்பு வைத்துத் திறக்கும் எளிய வடிவத்தை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கையொப்பம் போடுபவர் m-க்கு வர்க்கமூலம் எடுப்பதில்லை. m-ஐ ஹேஷ் செய்து வரும் H(m) என்ற எண்ணுக்கு எடுக்கிறார். (எல்லா எண்ணும் வர்க்க மீதி அல்ல, ஏறத்தாழ நான்கில் ஒன்றுதான். அதைச் சரிசெய்ய வில்லியம்ஸ் 1980-இல் கொடுத்த ஒரு சின்னத் திருத்தம் உண்டு. இங்கே அதை விட்டுவிடுவோம்.) இதனால், கேட்பவர் தனக்குத் தெரிந்த r-இன் வர்க்கத்தை நேரடியாக நீட்ட முடியாது. செய்தியைத்தான் அவர் தேர்ந்தெடுக்கலாம். எண் ஹேஷிலிருந்து வருகிறது. அதன் எந்த மூலமும் அவருக்குத் தெரியாது. ஆகவே திரும்பி வரும் மூலத்தோடு ஒப்பிட அவரிடம் எதுவும் இல்லை.

ஆனால் ரிடக்‌ஷன் என்ன செய்யும்? அதற்கு p, q தெரியாது, ஆனால் எதிராளி கேட்கும் செய்திகளுக்கெல்லாம் கையொப்பம் போட்டுத் தர வேண்டும். தராவிட்டால் எதிராளியின் நிரல் ஓடாது. இங்கேதான் கைவரிசை. ஹேஷ் சார்பு முழுக்க ரேண்டமாக நடந்துகொள்ளும் ஒரு கறுப்புப் பெட்டி என்று கொள்கிறோம், எதிராளி ஹேஷ் வேண்டும் போதெல்லாம் அந்தப் பெட்டியைக் கேட்க வேண்டும், பெட்டியை நடத்துவது ரிடக்‌ஷன். எதிராளி m-இன் ஹேஷைக் கேட்டால், ரிடக்‌ஷன் முதலில் ஒரு ரேண்டம் s எடுத்து வைத்துக்கொண்டு, அதன் வர்க்கத்தை “இதுதான் H(m)” என்று சொல்கிறது. பின்னால் m-க்குக் கையொப்பம் கேட்டால் s-ஐ எடுத்துக் கொடுக்கிறது. விடையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு கேள்வியை அதற்கேற்பத் தயாரிப்பதால் காரணிகள் தேவைப்படவே இல்லை.

கடைசியில் எதிராளி, இதுவரை கையொப்பம் கேட்காத ஒரு செய்திக்குத் தானாக ஒரு கையொப்பத்தைப் போலியாகச் செய்து நீட்டுகிறார். அந்தச் செய்தியின் ஹேஷுக்கும் ரிடக்‌ஷனிடம் ஒரு s இருக்கிறது, ஆனால் அதை எதிராளி பார்த்ததில்லை. ஒரே எண்ணுக்கு இரண்டு மூலங்கள், ஒன்று நம்முடையது, ஒன்று அவருடையது. பாதி வாய்ப்பில் அவை நமக்குப் பயன்படும் வகையில் வேறானவை. அப்புறம் யூக்ளிட்.

இந்தத் திட்டத்துக்கு அந்த வரியை நேர்மையாக எழுதினால் இப்படி நீளும்: காரணிப்படுத்தல் கடினம் என்றும், ஹேஷ் சார்பு ரேண்டம் பெட்டியைப் போல நடந்துகொள்கிறது என்றும் கொண்டால், விரும்பிய செய்திகளுக்குக் கையொப்பம் வாங்கிப் பார்த்த எதிராளியாலும் புதிய செய்திக்குப் போலிக் கையொப்பம் போட முடியாது. இரண்டாவது எடுகோள் வசதியாக விடுபட்டுப் போவது வழக்கம்.

நிறுவலை இப்படி வரிவரியாகப் பார்ப்பதில் நடைமுறைப் பலனும் உண்டு. ரிடக்‌ஷன் ஒவ்வொரு செய்திக்கும் ஒரே ஒரு s வைத்திருந்தது, இரண்டாம் முறை கேட்டாலும் அதையே கொடுத்தது. ஒரு நிரலாளர் “நான்கு மூலங்களில் ஏதாவது ஒன்றைக் கொடுத்தால் போதும்தானே” என்று ஒவ்வொரு முறையும் ரேண்டமாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதினால், அவர் நிறுவலுக்கு வெளியே போய்விட்டார். ஒரே கோப்பை இரண்டு முறை கையொப்பமிடச் சொல்லி, 1234 ஒரு முறையும் 1657 ஒரு முறையும் வந்தால் கதை முடிந்தது. சரிபார்க்கும் நிரல் இரண்டு கையொப்பங்களையும் ‘சரி’ என்றே சொல்லும், ஆகவே வழக்கமான சோதனையில் இந்தப் பிழை மாட்டாது. ஒரே செய்தியை நூறு முறை கையொப்பமிட்டு, நூறும் பைட்டுக்குப் பைட் ஒன்றுதானா என்று பார்க்கும் சோதனையைத் தனியாக எழுத வேண்டும்.

கடைசியாக, எடுகோளுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஒன்று. “காரணிப்படுத்தல் கடினம்” என்று சொல்லும்போது எந்த எண்ணை? எல்லா எண்ணையும் அல்ல. இரட்டைப்படை எண்ணைப் பிரிக்க யாருக்கும் கஷ்டமில்லை. போதுமான நீளத்தில் p, q இரண்டையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ரேண்டமாக எடுத்துப் பெருக்கிய N-ஐப் பிரிப்பது கடினம் என்பதே எடுகோள். ரிடக்‌ஷனும் அப்படி எடுத்த N-ஐத்தான் எதிராளியிடம் கொடுக்கிறது.

2012-இல் நாடியா ஹெனிங்கரும் உடன் ஆய்வாளர்களும் இணையத்தில் வெளியே தெரியும் பொதுச் சாவிகளைத் திரட்டி, எல்லாவற்றுக்கும் சோடி சோடியாக மீப்பெரு பொது வகுத்தி பார்ப்பதற்குச் சமமான ஒரு கணக்கைப் போட்டார்கள். இணைய இணைப்புகளை மறையாக்கிக் காக்கும் டி.எல்.எஸ். சர்வர்களில் சுமார் 0.5 விழுக்காட்டின் ரகசியச் சாவிகள் கையில் வந்து விழுந்தன. பெரும்பாலும் ரூட்டர், ஃபயர்வால் போன்ற சிறிய சாதனங்கள். முதல் முறை மின்சாரம் கொடுத்தவுடனேயே சாவி உருவாக்குகின்றன. அந்த நேரத்தில் உள்ளே ரேண்டம் என்று சொல்லத்தக்கது எதுவும் சேர்ந்திருக்காது, ஆகவே ஒரே வகைச் சாதனங்கள் இரண்டு ஒரே p-யை எடுத்துவிடுகின்றன. இரண்டாவது பகாஎண்ணை எடுப்பதற்குள் கடிகாரம் போல ஏதாவது மாறிவிட, q மட்டும் வேறாகிறது. N₁ = p × q₁, N₂ = p × q₂. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டையும் பிரிக்க ஆயுள் போதாது. சேர்த்து வைத்து மீப்பெரு பொது வகுத்தி எடுத்தால் p வந்துவிடும். இதைத் தடுக்கும் வேலை எந்த ரிடக்‌ஷனுக்கும் உரியதல்ல, இயங்குதளத்துக்கு உரியது. லினக்ஸில் 2014-இல் 3.17-ஆம் பதிப்போடு வந்த `getrandom()` அழைப்பு, போதுமான ரேண்டம் தன்மை சேரும் வரை கேட்ட நிரலை நிறுத்தி வைக்கிறது. சாவி உருவாக்கும் நிரல் அந்தக் காத்திருப்பைப் பொறுக்க முடியாமல் வேறு வழியில் எண் எடுக்கிறதா என்பதை நிரலைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.